மொத்தம் மட்டும் போட்ட பை சார்ட்டிலிருந்து எண்ணிக்கையையும் கோணத்தையும் எடுப்பது எப்படி

பழைய கணக்கெடுப்பு அறிக்கைகளை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். அழகாக ஒரு வட்டம், அதில் அஞ்சாறு நிறத்துண்டுகள், கீழே "மொத்தம்: 150 பேர்" என்று ஒரே ஒரு வரி. சதவீதமும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. உங்களுக்கோ ஒவ்வொரு பதிலையும் எத்தனை பேர் சொன்னார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதை வேறு அட்டவணையோடு சேர்க்க வேண்டும், அல்லது கை-ஸ்கொயர் சோதனை போட வேண்டும், அதற்குச் சதவீதம் போதாது, ஆள் கணக்குதான் வேண்டும். இதில் நானும் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் "கோணம் வகுத்தல் 360 பெருக்கல் மொத்தம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், ஆனால் அச்சான தாளின் மேல் கோணமானியை வைத்தால் அந்த ஒரு வரி போதவே போதாது. அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

## 1. அந்த மொத்தம் எதனுடைய மொத்தம்?

கோணமானியைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். வட்டத்தின் 360 டிகிரியும் எந்த எண்ணுக்குச் சமம் என்பதுதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை, அது தப்பானால் பின்னால் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் வீண்.

ஒரு கணக்கெடுப்பில் மூன்று மொத்தங்கள் இருக்கலாம். கொடுத்த படிவங்கள், திரும்பி வந்த படிவங்கள், இந்தக் குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் எழுதியவர்கள். படத்தின் கீழே இருப்பது பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும், ஆனால் துண்டுகள் மூன்றாவதை வைத்து வரையப்பட்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, துண்டுகளில் "பதில் இல்லை" என்று ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால், திரும்பி வந்த எல்லாப் படிவமும் வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் அறிக்கையின் பின்னிணைப்பையும் மற்ற கேள்விகளின் அட்டவணைகளையும் புரட்டுங்கள், கேள்விக்குக் கேள்வி மொத்தம் மாறுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய பொறி "பொருந்துவதை எல்லாம் டிக் செய்யவும்" வகைக் கேள்வி. 150 பேர் சேர்ந்து 230 டிக் போட்டிருப்பார்கள், வட்டத்தை 230-க்கு வரைந்திருப்பார்கள், கீழே மட்டும் 150 பேர் என்று அச்சடித்திருப்பார்கள். இங்கே 360 டிகிரி என்பது டிக்குகளின் கூட்டுத்தொகை. அது எங்கேயும் அச்சாகவில்லை என்றால் எண்ணிக்கையை மீட்கவே முடியாது, விகிதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அதனால் வினாத்தாளின் அசல் பக்கம் கையில் இருப்பது முக்கியம். படம் இருக்கும் பக்கம், வினாத்தாள், படிவக் கணக்கு இருக்கும் பக்கம், இந்த மூன்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## 2. என்ன வேண்டும், என்ன செலவாகும்

ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் அரைவட்டக் கோணமானி போதும். முழுவட்ட 360 டிகிரி கோணமானி கிடைத்தால் வசதி, பெரிய ஸ்டேஷனரி கடைகளில் கேட்டால் இருக்கும். அப்புறம் கூர்மையான பென்சில், நீளமான ஸ்கேல், ஒரு ட்ரேசிங் பேப்பர்.

பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் ஜெராக்ஸ் கடை. பக்கத்தை A4-லிருந்து A3-க்குப் பெரிதாக்கச் சொல்லுங்கள், 141 சதவீதம் என்றால் கடைக்காரருக்குப் புரியும். பெரிதாக்கினால் கோணம் மாறாது, ஆனால் அளப்பது எளிதாகும். ஆரம் 25 மில்லிமீட்டர் உள்ள வட்டத்தில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் 0.44 மில்லிமீட்டர்தான், துண்டுகளுக்கு நடுவே போட்டிருக்கும் கறுப்புக் கோடே அதைவிடத் தடிமனாக இருக்கும். ஆரம் 50 ஆனால் ஒரு டிகிரிக்கு 0.87 மில்லிமீட்டர் கிடைக்கும். A3-யிலும் வட்டம் சின்னதாக இருந்தால் படத்தை மட்டும் இன்னொரு முறை பெரிதாக்கச் சொல்லுங்கள். கலர் காப்பி வேண்டுமா என்றால், குறிப்புப் பெட்டியில் நிறத்தை வைத்துத்தான் பதில்கள் கொடுத்திருக்கிறார்கள் என்றால் கட்டாயம் வேண்டும். கறுப்பு வெள்ளையில் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், பிறகு எந்தத் துண்டு எந்தப் பதில் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். காசை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் அசலைப் பார்த்து ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் பெயரை எழுதிவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள்.

ஒரு படத்துக்கு முதல் முறை முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். பழகிவிட்டால் பத்து நிமிடம்.

## 3. வட்டம் வட்டமாக இருக்கிறதா

பெரிதாக்கிய படத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். செல்போன் ஸ்கேன் ஆப்கள் பக்கத்தை A4 அளவுக்குள் இழுத்துப் பொருத்தும், வேர்டில் படத்தை ஓரத்தைப் பிடித்து இழுத்திருப்பார்கள், தடித்த புத்தகத்தை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்தால் பைண்டிங் பக்கம் வளைந்து குறுகும். கண்ணுக்கு வட்டமாகவே தெரியும், ஆனால் அகலம் 100, உயரம் 95 என்று இருந்தால் சில இடங்களில் கோணம் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி வரை தப்பும். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது அடுத்த படியில் தெரியும்.

இரண்டு அளவும் ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் கோணமானியை வைக்காதீர்கள். வேறு பிரதி தேடுங்கள், இல்லையென்றால் 8-ஆம் படியில் சொல்லியிருக்கிறபடி பரப்பை எண்ணுங்கள்.

## 4. ஒரு ஆளுக்கு எத்தனை டிகிரி

அளப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வகுத்தல்:

```
360 ÷ மொத்தம் = ஒரு ஆளுக்கான கோணம்
```

மொத்தம் 150 என்றால் ஒரு ஆளுக்கு 2.4 டிகிரி. மொத்தம் 60 என்றால் 6 டிகிரி. 1200 என்றால் வெறும் 0.3 டிகிரி.

இந்த எண்தான் உங்களால் சரியான எண்ணிக்கையை எடுக்க முடியுமா, உத்தேசமாகத்தான் சொல்ல முடியுமா என்று தீர்மானிக்கிறது. ஆள் முழு எண்தான், பாதி ஆள் கிடையாது. ஆகவே உங்கள் அளவீட்டுப் பிழை ஒரு ஆளுக்கான கோணத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால், அருகில் இருக்கும் முழு எண்ணுக்கு மாற்றும்போது பிழை தானாகவே காணாமல் போய்விடும். கோணமானியில் கவனமாக அளந்தால் ஒரு டிகிரிக்குள் பிழை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 பேருக்குப் பாதி 1.2 டிகிரி. தப்பித்தோம், ஆனால் மயிரிழையில். மொத்தம் 180-ஐத் தாண்டினால் ஜியோமெட்ரி பாக்ஸ் கோணமானியை வைத்து அச்சு அசலான எண்ணிக்கையை எடுக்கலாம் என்று நம்பாதீர்கள்.

போன படியில் சொன்ன ஒன்றரை டிகிரி எவ்வளவு ஆபத்து என்று இப்போது தெரிகிறது அல்லவா? 150 பேர் கணக்கில் அது ஒரு ஆளை இந்தத் துண்டிலிருந்து அந்தத் துண்டுக்குத் தள்ளிவிடும்.

## 5. துண்டுகளை அளக்காதீர்கள், எல்லைக்கோடுகளை அளங்கள்

எல்லோரும் செய்வது இதுதான்: ஒவ்வொரு துண்டாகக் கோணமானியை வைத்து அளப்பது. ஐந்து துண்டு என்றால் ஐந்து முறை வைக்க வேண்டும், ஐந்து தனித்தனிப் பிழைகள் சேரும். எல்லாவற்றையும் கூட்டினால் 360 வராது, 363 வரும், 357 வரும். பிறகு உட்கார்ந்து யாரிடமிருந்து பிடுங்குவது, யாருக்குக் கொடுப்பது என்று கைக்கு வந்தபடி சரிசெய்வார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு தொடக்கக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான படங்களில் முதல் துண்டு கடிகாரத்தின் 12 மணி இடத்தில் தொடங்கி கடிகாரம் சுற்றும் திசையிலேயே போகும், எக்செல்லில் மாற்றாமல் விட்டால் அப்படித்தான் வரையும். அந்தத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு எல்லைக்கோடும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று வரிசையாகப் படியுங்கள். கோணமானி ஒரே இடத்தில் இருக்கிறது, நீங்கள் படித்துக்கொண்டே போகிறீர்கள்.

வேலை இப்படி: முதலில் எல்லைக்கோடுகள் எல்லாம் சந்திக்கும் மையத்தைப் பென்சில் முனையால் குறியுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையப் படமாக இருந்தால் விளிம்பில் இரண்டு நாண்கள் வரைந்து அவற்றின் மையக்குத்துக்கோடுகள் வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து எல்லைக்கோடுகளை ஸ்கேல் வைத்து வட்டத்துக்கு வெளியே நீட்டுங்கள், கோணமானியின் அளவுக்கோடுகளைத் தாண்டிப் போகும் அளவுக்கு. தடித்த கோடாக இருந்தால் எப்போதும் நடுப்பகுதியைப் பின்பற்றுங்கள், ஒரு கோட்டுக்கு இடது ஓரம் மறு கோட்டுக்கு வலது ஓரம் என்று மாற்றாதீர்கள். தொடக்கக் கோட்டை எதிர்ப்பக்கமும் நீட்டி முழு விட்டமாக்குங்கள். அரைவட்டக் கோணமானியின் அடிக்கோட்டை அந்த விட்டத்தில் வைத்து 180 வரை படியுங்கள், பிறகு மறுபக்கம் திருப்பி வைத்து, படிப்பதோடு 180-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கோணமானியில் உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டு எண்கள் இருக்குமே, அங்கேதான் நிறையப் பேர் 125-ஐ 55 என்று எழுதிவிடுகிறார்கள். செங்கோணத்தைவிடப் பெரிதா சிறிதா என்று கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

ஒரு துண்டை மட்டும் வெளியே இழுத்து வைத்திருக்கும் படங்களில் அந்தத் துண்டின் முனை மையத்தில் இருக்காது. அதை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, நகர்த்தி உள்ளே பொருத்திவிட்டு அளங்கள். நகர்த்தும்போது சுழற்றிவிடக் கூடாது.

## 6. கணக்கு: ஒரு முழு உதாரணம்

எண்கள் நான் வைத்துக்கொண்டவை, முறையைக் காட்டுவதற்காக. கேள்வி, "நூலகத்துக்கு எப்படி வருகிறீர்கள்?" மொத்தம் 150. ஒவ்வொரு எல்லையையும் 2.4-ஆல் வகுத்து, வந்ததை முழு எண்ணாக்கி, பிறகு முந்தைய எண்ணைக் கழிக்கிறோம்.

| பதில் | எல்லை (அளந்தது) | ÷ 2.4 | முழு எண் | இந்தப் பதிலுக்கு |
|---|---|---|---|---|
| நடந்து | 125° | 52.08 | 52 | 52 |
| சைக்கிள் | 213° | 88.75 | 89 | 37 |
| பஸ் | 288.5° | 120.21 | 120 | 31 |
| டூவீலர் | 338° | 140.83 | 141 | 21 |
| பதில் இல்லை | 360° | 150 | 150 | 9 |

கடைசி எல்லை எப்போதும் 360, அதை அளக்க வேண்டாம். அதனால் கடைசி முழு எண் தானாகவே மொத்தத்துக்குச் சமமாகிறது, கூட்டுத்தொகை தப்பவே வழியில்லை. முதலில் முழு எண்ணாக்கிவிட்டுப் பிறகுதான் கழிக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள், இந்த வரிசையை மாற்றினால் பலன் போய்விடும்.

இதே படத்தைத் துண்டு துண்டாக அளந்து 126, 88, 75, 52, 22 என்று வந்திருந்தால்? எதுவும் மோசமான அளவீடு கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டு டிகிரிக்குள்தான் தப்பியிருக்கிறது. ஆனால் 2.4-ஆல் வகுத்தால் 52.5, 36.67, 31.25, 21.67, 9.17 வரும். முழு எண்ணாக்கினால் 53, 37, 31, 22, 9, மொத்தம் 152. இல்லாத இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

எண்ணிக்கை கிடைத்த பிறகு சரியான மையக்கோணத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள், அளந்ததை அப்படியே எழுதாதீர்கள். 52 பேருக்கு 52 × 2.4 = 124.8 டிகிரி. மற்றவை 88.8, 74.4, 50.4, 21.6. கூட்டினால் சரியாக 360. படத்தைப் புதிதாக வரைவதென்றால் இந்தக் கோணங்களைத்தான் பயன்படுத்த வேண்டும்.

## 7. நம்பலாமா என்று பார்க்கும் சோதனை

இதை யாரும் செய்வதில்லை, எனக்கு இதுதான் முக்கியமான படி. மீட்ட எண்ணிக்கையின்படி எல்லைகள் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று எழுதி, அளந்ததோடு ஒப்பிடுங்கள். நம் உதாரணத்தில் இருந்திருக்க வேண்டியவை 124.8, 213.6, 288, 338.4. அளந்தவை 125, 213, 288.5, 338. வித்தியாசம் 0.2, 0.6, 0.5, 0.4. எதுவும் 1.2-ஐ நெருங்கவில்லை. நல்லது.

வித்தியாசங்களில் ஒன்றிரண்டு 1, 1.1 என்று வந்தால் அந்த எல்லைகளை மட்டும் மறுபடி அளங்கள். எல்லாமே ஒரே பக்கம், உதாரணமாக எல்லாமே 0.8 அதிகம் என்று வந்தால் தொடக்கக் கோட்டை நீங்கள் வைத்த இடம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மொத்தமே தப்பு, 1-ஆம் படிக்குத் திரும்புங்கள். மொத்தம் சிறியதாக இருந்தால் வேறு மொத்தத்தை வைத்தும் சோதிக்கலாம்: 50 பேருக்கு ஒரு ஆள் 7.2 டிகிரி, 48 பேருக்கு 7.5 டிகிரி, எதனோடு எல்லைகள் ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும். மொத்தம் 150 அளவுக்குப் போய்விட்டால் இந்த வித்தை பலிக்காது, படிகள் ரொம்ப நெருக்கமாகிவிடும்.

இன்னொரு காரணம், படத்தை எண்ணிக்கையிலிருந்து வரையாமல் முழுச் சதவீதமாக மாற்றிய பிறகு வரைந்திருக்கலாம். ஒரு சதவீதம் 3.6 டிகிரி, ஆகவே எல்லைகள் எல்லாம் 3.6-இன் மடங்குகளுக்கு அருகில் விழுந்தால் சந்தேகப்படுங்கள். மொத்தம் 100-க்குக் குறைவு என்றால் கவலையில்லை, ஒரு ஆள் ஒரு சதவீதத்துக்கு மேல், எண்ணிக்கையை மீட்டுவிடலாம். 150-இல் ஒரு சதவீதம் என்பது ஒன்றரை ஆள், ஒருவர் இப்படியோ அப்படியோ போகலாம், அதை அளவீட்டால் சரிசெய்ய முடியாது.

## 8. பிடிஎஃப் அல்லது படக்கோப்பாக இருந்தால்

திரையில் அளப்பது இன்னும் துல்லியம். பக்கத்தைப் பெரிதாக்கி வட்டம் குறைந்தது 600 பிக்சல் அகலம் வரும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஆரம் 300 பிக்சல் என்றால் விளிம்பில் ஒரு பிக்சல் 0.19 டிகிரிதான், மையத்தைக் குறிப்பதில் ஒரு பிக்சல் தப்பினாலும் மொத்தம் 400 பேர் வரை எண்ணிக்கையை எடுக்கலாம். பெயிண்டில் படத்தைத் திறந்து சுட்டியை வைத்தால் அது நிற்கும் இடம் கீழே இரண்டு எண்களாகத் தெரியும். வட்டத்தின் இடது ஓரம், வலது ஓரம் இரண்டின் சராசரியும், மேல், கீழ் இரண்டின் சராசரியும் மையம். பிறகு ஒவ்வொரு எல்லைக்கோடும் விளிம்பைத் தொடும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லில் மையத்தை B1, B2-லும், மொத்தத்தை B3-லும், புள்ளிகளை A5, B5 தொடங்கிக் கீழே கீழேயும் எழுதினால், இது 12 மணியிலிருந்து கடிகாரத் திசையில் கோணத்தைக் கொடுக்கும், இரண்டாவது வரி அந்த எல்லை வரையிலான கூட்டு எண்ணிக்கையைக் கொடுக்கும், 6-ஆம் படியில் போலவே முந்தைய எண்ணைக் கழித்தால் அந்தப் பதிலுக்கான எண்ணிக்கை வரும்:

```
C5: =MOD(DEGREES(ATAN2($B$2-B5, A5-$B$1)), 360)
D5: =ROUND(C5*$B$3/360, 0)
```

திரையில் கீழே போகப் போக எண் கூடும் என்பதால்தான் முதல் கழித்தல் தலைகீழாக இருக்கிறது, அதை "திருத்தி"விடாதீர்கள். கடைசி எல்லைக்கு இந்தச் சூத்திரம் 360-க்குப் பதில் 0 காட்டும், அங்கே மொத்தத்தைக் கையால் எழுதுங்கள்.

சாய்ந்த முப்பரிமாணப் படத்துக்கு மேலே சொன்ன எதுவும் செல்லாது. நீள்வட்டத்தில் முன்பக்கத் துண்டும் பின்பக்கத் துண்டும் அகலமாகத் தெரியும், இடது வலது துண்டுகள் ஒடுங்கும். ஆனால் வட்டத்தை ஒரு திசையில் மட்டும் நசுக்கினால் கோணங்கள் மாறுமே தவிர பரப்புகளின் விகிதம் மாறாது. அதனால் ஜிம்ப் மென்பொருளில் நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவியால் ஒவ்வொரு துண்டின் மேல்பரப்பையும் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டோகிராம் பலகையில் காட்டும் பிக்சல் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவரின் கருநிறத்தைச் சேர்க்கக் கூடாது, துண்டின் மேல் எழுத்து அச்சாகியிருந்தால் அதை முதலில் அதே நிறத்தால் மூடிவிட வேண்டும். பிக்சல்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், எல்லாத் துண்டுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, 150-ஆல் பெருக்கினால் 6-ஆம் படியின் அதே அட்டவணை கிடைக்கும். முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் தெரியும்படி தொலைவுத் தோற்றம் கொடுத்த படங்களில் இதுவும் தப்பும், அங்கே உத்தேசம்தான்.

## 9. எழுதும்போது

மீட்ட எண்ணை அசல் அறிக்கை சொன்ன எண்போல் எழுதக் கூடாது. அட்டவணையின் கீழே "எண்ணிக்கைகள் படத்தின் கோணங்களிலிருந்து கணக்கிடப்பட்டவை, மொத்தம் மட்டுமே அசலில் உள்ளது" என்று ஒரு வரி போடுங்கள், எப்படி அளந்தீர்கள் என்பதையும், 7-ஆம் படியில் வந்த மிகப் பெரிய வித்தியாசத்தையும் சேர்த்து. வழிகாட்டி கேள்வி கேட்டால் அந்த ஒரு வரியே பதில்.

மொத்தம் 1200 போல் பெரியதாக இருந்து கையில் கோணமானி மட்டும்தான் என்றால் ஒற்றை எண்ணே எழுதாதீர்கள். ஒரு டிகிரி என்பது 3.3 பேர், ஒரு துண்டுக்கு இரண்டு எல்லை, ஆகவே இருபக்கமும் ஏழு பேர் வரை தப்பலாம். 417 என்று கணக்கில் வந்தால் "410 முதல் 424 வரை" என்று எழுதுங்கள், கை-ஸ்கொயர் சோதனையை இரண்டு முனைகளுக்கும் போட்டுப் பார்த்து முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்தப் படத்தை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய முடியாது, அறிக்கையை வெளியிட்டவர்களிடம் அசல் அட்டவணையைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதுதான்.